மூன்று மா ஒரு ஏக்கர் ஆகாது

நிலம் வாங்க விற்க இறங்கியவர் யாரைக் கேட்டாலும் ஒரு வாய்பாட்டை மூச்சுவிடாமல் சொல்வார். சென்ட்டுக்கு 435 சதுர அடி, கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட், ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்ட், ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர். டெல்டா பக்கம் போனால் மூன்று மா ஒரு ஏக்கர். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமே என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல கொறையும், சரியாப் போயிடும்" என்று பதில் வரும். இந்த எண்ணம் புரோக்கர்களிடம் மட்டும் இல்லை. படித்தவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், சொந்தமாக மனை விளம்பரம் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. இது தவறு என்பதுதான் என் வாதம். அந்தத் தோராயம் ஒருபோதும் சரியாகப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் நிலமாகவோ பணமாகவோதான் அது முடிகிறது.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். வீட்டு மனை அளவில் இந்த வாய்பாடு பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. ஒரு சென்ட் என்பது சரியாக 435.6 சதுர அடி. 435 என்று வைத்துக்கொண்டால் ஐந்து சென்ட்டுக்கு மூன்று சதுர அடிதான் குறையும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது 5.51 சென்ட். ஐந்தரை என்று சொன்னால் நாலு சதுர அடி போகும். இதற்காக யாரும் வழக்குப் போட வேண்டாம். ஆனால் இந்தச் சின்ன மனையில் வாய்பாடு பிழைத்துக்கொண்டது என்பதாலேயே அதை ஏக்கருக்கும் ஹெக்டேருக்கும் நம்பிக் கொண்டுபோகிறோம் பாருங்கள், அங்கேதான் வினை தொடங்குகிறது.

ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்ட் என்கிறார்கள். பதினெட்டு கிரவுண்ட் 43,200 சதுர அடி. ஒரு ஏக்கரோ 43,560 சதுர அடி. குறைவது 360 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர் என்கிறார்கள். அங்கே 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. மூன்று மா 43,200 சதுர அடி. இங்கேயும் குறைவது அதே 360 சதுர அடி. சென்னைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே தொகையைத் தவற விடுகிறார்கள். இது தற்செயல் இல்லை. ஆறு கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு மா, இருபத்துநாலு கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு காணி. கிரவுண்டும் மாவும் காணியும் ஒன்றுக்குள் ஒன்று மிச்சமில்லாமல் அடங்கும் அளவுகள். ஏக்கரும் சென்ட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த 66 அடிச் சங்கிலியோடு கட்டப்பட்ட அளவுகள் அவை. நூறு கண்ணி கொண்ட அந்தச் சங்கிலியால் அளந்தால் பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். பழைய புலப்படங்களில் சங்கிலி, லிங்க்ஸ் என்று அளவு போட்டிருப்பது இதனால்தான்.

66 அடிச் சங்கிலிக்குள் 12 அடிக் கோல் ஐந்தரை முறை போகும். அந்த அரைதான் இத்தனைக்கும் காரணம். ஒரு ஏக்கருக்குள் 300 குழி இல்லை, 302.5 குழி இருக்கிறது. ஒரு ஏக்கருக்குள் 18 கிரவுண்ட் இல்லை, 18.15 கிரவுண்ட் இருக்கிறது. இரண்டு வேறு கோல்களால் அளந்த நிலத்தை ஒரே கோலால் அளந்தது போலப் பேசினால் மிச்சம் விழத்தான் செய்யும். அந்த மிச்சம் எந்த ஊரிலும் எந்த நிலத்திலும் ஒரே பக்கமாகத்தான் விழும். ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைய அதற்கு வழியே இல்லை. "சரியாப் போயிடும்" என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

அந்த மிச்சம் யாரிடம் போகிறது? பத்து ஏக்கரை ஒரு குடும்பம் விற்கிறது என்று வையுங்கள். விலை கிரவுண்ட் கணக்கில் பேசப்படுகிறது, ஏக்கருக்குப் பதினெட்டு என்று 180 கிரவுண்டுக்குப் பணம் கைமாறுகிறது. பத்து ஏக்கரில் உண்மையில் இருப்பது 181.5 கிரவுண்ட். ஒன்றரை கிரவுண்ட், அதாவது 3,600 சதுர அடி, விலையில்லாமல் போய்விட்டது. கிரவுண்ட் 20 லட்சம் என்றால் 30 லட்சம் ரூபாய். அதே நிலத்தை வாங்கியவர் பிரித்து விற்கும்போது ஏக்கர், கிரவுண்ட் என்று பேசுவதே இல்லை. 1,187 சதுர அடி, 1,342 சதுர அடி என்று கடைசி அடி வரை எண்ணி விற்கிறார். பெரிய அலகில் வாங்கிச் சிறிய அலகில் விற்கிறவருக்குத் தோராயம் வருமானம். பரம்பரை நிலத்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறை விற்கிறவருக்கு அது நட்டம், அந்த நட்டம் நடந்தது கூட அவருக்குத் தெரியாது. "எல்லாருக்கும் பொதுவான வழக்கம்தானே" என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வழக்கம் பொதுவாக இருக்கலாம், நட்டம் பொதுவாக இல்லை.

ஹெக்டேர் கணக்கில் திசை மாறும், தப்பு மாறாது. ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். இரண்டரை என்று சொன்னால் ஹெக்டேருக்கு 1,261 சதுர அடி கூடிவிடும், அதாவது அரை கிரவுண்டுக்கும் மேலே. பட்டாவில் 1-62.00 என்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 1 ஹெக்டேர் 62 ஏர் என்று பொருள். 2.471-ஆல் பெருக்கினால் நாலு ஏக்கர், பழைய கிரயப் பத்திரத்திலும் நாலு ஏக்கர் என்றுதான் இருக்கும். இரண்டரையால் பெருக்கினால் 4.05 ஏக்கர். பூமியில் இல்லாத கிட்டத்தட்ட ஐந்து சென்ட் கணக்கில் முளைத்துவிட்டது. ஏக்கர் 50 லட்சம் என்ற விலையில் வாங்குகிறவர் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் காற்றுக்குக் கொடுக்கிறார்.

பட்டாவைப் படிப்பதிலேயே இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் எண்ணைச் சென்ட் என்று எடுத்துக்கொள்வது. 0-08.50 என்றால் எட்டரை சென்ட் என்று நினைத்து விலை பேசியவர்கள் உண்டு. அது எட்டரை ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.471 சென்ட். எட்டரை ஏர் 21 சென்ட் ஆகும். வெளியூரில் குடியேறிவிட்டு, அப்பா பெயரில் இருக்கும் பட்டாவை மட்டும் பார்த்து நிலத்தை விற்க நினைக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும். நகரப் பகுதிகளில் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று மூன்று பகுதியாக இருக்கும், அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

பட்டாவின் எண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்துப் பட்டாக்கள் பலவற்றில் பரப்பு முழு ஏரிலோ அரை ஏரிலோ முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அரை ஏர் என்பது ஒன்றேகால் சென்ட். பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்றிருந்து பட்டாவில் 0-40.50 என்றிருந்தால் பதற வேண்டாம், அது நூறு சென்ட்டேதான். 0-40.00 என்றிருந்தால் ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். பத்திரத்தையும் பட்டாவையும் வைத்துக்கொண்டு எவ்வளவு வகுத்துப் பெருக்கினாலும் இதற்கு விடை கிடைக்காது. சர்வேயரை அழைத்துக் கல்லுக்குக் கல் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, பின்னங்களைத் திருத்தி 435.6, 18.15, 2.471 என்று சரியான எண்களைப் போட்டுவிட்டால் முடிந்ததா? இதுதான் இன்னொரு தரப்பின் நம்பிக்கை. போனில் மாற்றிக் காட்டும் செயலி இருக்கிறது, எண்ணைப் போட்டால் விடை வருகிறது, அப்புறம் என்ன என்கிறார்கள். செயலிக்கு எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணுக்குள் என்னென்ன நிலம் அடங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஊருக்கு ஊர் அளவு மாறும் இடங்களில் ஒப்பிடுகிறவரை உண்மையில் ஏமாற்றுவது இதுதான். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவரிடம் 60 லட்சம் ரூபாய் இருக்கிறது. சென்னைப் புறநகரில் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் 40-க்கு 60 மனை, கிரவுண்ட் 60 லட்சம். மதுரைப் பக்கம் ஒருவருடைய தோட்டத்தைப் பங்கு பிரித்துப் போட்ட மனை, ஐந்தரை சென்ட், சென்ட் 11 லட்சம், மொத்தம் 60.5 லட்சம். இரண்டையும் சதுர அடிக்குக் கொண்டுவருகிறார். முதலாவது 60 லட்சத்தை 2,400-ஆல் வகுத்தால் 2,500 ரூபாய். இரண்டாவது 11 லட்சத்தை 435.6-ஆல் வகுத்தால் 2,525 ரூபாய். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான், இரண்டும் ஒரே விலைதான் என்று முடிவு செய்கிறார். பெருக்கல் வகுத்தலில் ஒரு தவறும் இல்லை. முடிவுதான் தவறு.

அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மனைக்கு எழுதும் 2,400 சதுர அடியில் சாலையின் ஓர் அடியும் சேராது. தோட்டத்தைப் பிரித்துப் போட்ட இடத்திலோ வழி பல நேரம் மனைக்குள்ளேயே இருக்கும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லிவிட்டு, "இதில் மேற்புறம் 10 அடி அகலப் பொதுப்பாதை நீக்கி" என்றோ, "பொதுப்பாதை உட்பட" என்றோ ஒரு வரி வரும். "நீக்கி", "உட்பட" என்பவற்றில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து விலையே மாறிவிடும். நம் கதையில் "உட்பட" என்று இருக்கிறது. ஐந்தரை சென்ட் 2,395.8 சதுர அடி. முகப்பு 40 அடி, ஆழம் கிட்டத்தட்ட 60 அடி. முன்புறம் 10 அடி பாதைக்குப் போனால் 400 சதுர அடி கழிந்தது. வீடு கட்ட, வேலி போட, கதவைப் பூட்ட மிஞ்சுவது 1,995.8 சதுர அடி, நாலரை சென்ட்டுக்குச் சற்று மேல். கொடுத்த 60.5 லட்சத்தை இதால் வகுத்தால் சதுர அடி 3,031 ரூபாய். கிரவுண்ட் கணக்கில் 72 லட்சத்து 75 ஆயிரம். ஒரே விலை என்று நினைத்த இரண்டு மனைகளுக்கு நடுவே கிரவுண்டுக்குப் பன்னிரண்டே முக்கால் லட்சம் வித்தியாசம் இருந்திருக்கிறது. 435 என்று போட்டிருந்தாலும் 435.6 என்று போட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

பாதை உட்பட விற்பது மோசடி என்று நான் சொல்லவில்லை. பாதையில் உரிமை இருப்பது நல்லதுதான். பாதை சேர்ந்த பரப்பையும் சேராத பரப்பையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். இதே காரணத்தால் விவசாய நிலத்தின் ஏக்கர் விலையை 43,560-ஆல் வகுத்து, பக்கத்து லேஅவுட்டின் சதுர அடி விலையோடு வைத்து "பாதி விலைக்குக் கிடைக்கிறது" என்று எழுதும் விளம்பரங்களையும் நம்பக்கூடாது. அந்த ஏக்கர் மனையாக மாறும்போது சாலைக்கு ஒரு பங்கு போகும், பரப்பு பெரிதாக இருந்தால் பூங்காவுக்குத் திறந்தவெளி விட வேண்டும். மீதிதான் மனை.

கோணல் மனைகளில் ஒரு பழைய பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது. முன்பக்கம் 50 அடி, பின்பக்கம் 30 அடி, இடப்பக்கம் 60 அடி நேராகச் செங்குத்தாக, வலப்பக்கம் சாய்ந்து 63 அடி 3 அங்குலம் என்று ஒரு மனை. பழக்கப்படி 40-ஐ 61.625-ஆல் பெருக்கினால் 2,465 சதுர அடி. உண்மையான பரப்பு 40-ஐ 60-ஆல் பெருக்கின 2,400 தான். 65 சதுர அடி கூடுதலாக எழுதப்பட்டுவிட்டது. சதுர அடி 2,500 என்றால் 1,62,500 ரூபாய். இந்த முறையில் நாற்கரம் எதை அளந்தாலும் விடை ஒன்று சரியாக வரும், இல்லையென்றால் கூடுதலாக வரும். குறைவாக வரவே வராது, அது கணிதம். சரியாகச் செவ்வகமாக இருக்கும் மனையில் மட்டும்தான் அது தப்பிக்கும். குறுக்கே மூலைக்கு மூலை ஒரு டேப்பை இழுத்து, மனையை இரண்டு முக்கோணமாக்கிப் பரப்பைக் கண்டால் தீர்ந்தது. புலப்படத்தில் நில அளவைத் துறை செய்வதும் அடிப்படையில் அதைத்தான். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லாத மனையில் நாலு பக்க அளவை மட்டும் வைத்துச் சென்ட் சொல்கிறவரை நிறுத்திக் கேளுங்கள்.

குழி விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் அங்கே தோராயம் நாலு மடங்காகிவிடும். தஞ்சாவூர்க் குழி 144 சதுர அடி என்று பார்த்தோம். புதுச்சேரியில் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. "குழி பத்தாயிரம்" என்று இரண்டு ஊரிலிருந்தும் விலை வந்தால் ஒன்று சதுர அடி 69 ரூபாய், மற்றது 17 ரூபாய். குழி என்று யாராவது சொன்னால் உங்கள் ஊர்க் கோல் எத்தனை அடி என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வராத வரை செயலியைத் திறப்பதில் பயனில்லை.

ஆகவே ஒப்பிடுகிறவர் செய்ய வேண்டிய முறை வேறு. பட்டாவிலும் புலப்படத்திலும் இருப்பது மெட்ரிக் அளவு. தொடக்கமும் அதுவாகவே இருக்கட்டும். பத்திரத்தின் சென்ட்டைக் கிரவுண்டாக்கி, கிரவுண்டை அடியாக்கி, அடியை மீண்டும் சென்ட்டாக்கிக் கொண்டிருந்தால் ஒவ்வொரு படியிலும் தோராயம் சேரும். சதுர மீட்டரில் பரப்பை எடுத்துக்கொண்டு, 10.764-ஆல் ஒரே ஒரு முறை பெருக்கிச் சதுர அடியாக்குங்கள். பாதை, வெட்டிவிட்ட மூலை, சாலை விரிவுக்கு விட்ட இடம் எல்லாவற்றையும் கழியுங்கள். கேட்கும் மொத்த விலையை அந்த மீதியால் வகுத்து வரும் சதுர அடி விலையை ஊருக்கு ஊர் ஒப்பிடுங்கள். முழு எண்ணாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள். ஊர் வழக்கில் சென்ட் விலை தெரிய வேண்டுமென்றால் அதை 435.6-ஆல் பெருக்குங்கள், கிரவுண்ட் விலைக்கு 2,400-ஆல்.

"ஊர்க்காரனுக்குச் சென்ட்னு சொன்னாத்தான் புரியும்" என்பது கடைசியாக வரும் வாதம். சென்ட்டையோ மாவையோ கைவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவை நம் நிலத்தில் ஊன்றிய அளவுகள், இருக்கட்டும். ஊர்ச் சொல்லைத் தலைப்பில் போடுங்கள், அடியில் சதுர மீட்டரையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். மனை விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பட்டாவில் உள்ளபடி பரப்பு, நான்கு பக்க அளவும் ஒரு மூலைவிட்டமும், பாதை உட்படவா நீக்கியா என்ற ஒரு சொல், இந்த மூன்றையும் எழுதுங்கள். வாங்குகிறவர்கள், இந்த மூன்றும் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.